செக்குக்காரரிடம் நான்கு வாரப் பரீட்சார்த்தம்

செஞ்சி வட்டாரம் மணிலாவுக்குப் பேர்போனது. ஊரிலேயே ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் இருக்கிறது, செக்குகளும் இருக்கின்றன. செக்குக்காரரிடம் எண்ணெய் உண்டு, கடைவீதியில் முகப்பு இல்லை. மளிகைக்காரரிடம் தினசரி வாடிக்கை உண்டு, செக்கு எண்ணெய் இல்லை. இருவரும் சேர்ந்து தொழில் செய்ய எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று சில உறுப்பினர்கள் கேட்டனர்.

"சேர்ந்து செய்வோமா?" என்று பொதுவாகக் கேட்டால், "பார்க்கலாம்" என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். ஒரு தாளில் அளவும் நாளும் எழுதிக்கொண்டு, செக்கு ஓடாத நேரமாகப் பார்த்துச் செல்லுங்கள்.

தாளில் இப்படி இருக்கலாம்: "நான்கு வாரம். இருபது லிட்டர் சரக்கு: ஒரு லிட்டர் பாட்டில் பத்து, அரை லிட்டர் இருபது. விற்றதற்கு மட்டும் சனிக்கிழமைதோறும் பணம். லிட்டருக்கு இருபது ரூபாய் கடைக்கு. மீதியை நான்காம் வார முடிவில் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும்." சரக்கை டெலிவரி சலானில் வாங்கி, விற்றதற்குப் பில் பெறலாம்.

உணவுப் பாதுகாப்பு விதிப்படி சமையல் எண்ணெயை உதிரியாக அளந்து விற்கக் கூடாது. ஆகவே சீல் வைத்த பாட்டிலில், உரிம எண், அடைத்த தேதி, விலை ஆகியவை அச்சான லேபிளுடன் வர வேண்டும். இதற்குச் செக்குக்காரர் தயங்கினால் அங்கேயே நிறுத்திக்கொள்வது உத்தமம்.

தகராறு பெரும்பாலும் சில்லறை விஷயத்தில்தான் வரும். மூடி கசிந்தால் செக்குக்காரர் பொறுப்பு. கடையில் கீழே விழுந்து உடைந்தால் நம் பொறுப்பு. சரியாகத் தெளியாத எண்ணெயில் அடியில் கசடு தங்கும். வாடிக்கையாளர் அதைக் கலப்படம் என்று நினைத்துத் திருப்பிக் கொண்டுவருவார். அந்தப் பாட்டிலை யார் ஏற்பது என்பதையும் முன்பே எழுதிவிடுங்கள். வெயில் படும் அலமாரியில் வைத்தால் எண்ணெய் காறிப்போகும். அது நம் தவறு.

இனி முக்கியமான கணக்கு. பதினாறு லிட்டர் விற்றால் நமக்கு 320 ரூபாய். ஆனால் அதே நான்கு வாரத்தில் பாக்கெட் எண்ணெய் விற்பனை பத்து லிட்டர் குறைந்து, அதில் லிட்டருக்கு எட்டு ரூபாய் லாபம் போயிருந்தால், உண்மையில் கூடியது 240 ரூபாய்தான். பாக்கெட் எண்ணெய்க் கணக்கை முந்தைய நான்கு வாரத்துக்கும் எடுத்து வைக்காதவருக்கு இது தெரியாது. பெரிய லாபம் என்று நினைத்து ஐம்பது லிட்டர் சொல்லிவிடுவார்.

செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதைப் பார்க்க வருகிறவர்களை நம்பிச் சரக்கின் அளவைக் கூட்ட வேண்டாம். எண்ணெய் வாங்குவது உள்ளூர்க் குடும்பங்களே. இரண்டாவது பாட்டிலுக்கு எத்தனை பேர் திரும்ப வந்தார்கள் என்று நோட்டில் குறித்து வாருங்கள்.

மாடு வைத்திருக்கும் கிராமத்து வாடிக்கை உங்களுக்கு அதிகமானால், புண்ணாக்கும் கேட்கலாம். ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், தனி இடமும் வேண்டும்.

எழுந்து வருமுன் முதல் சரக்கு வரும் நாளையும், கணக்குப் பார்க்க உட்காரும் நாளையும் இருவர் நோட்டிலும் குறித்து, ஆளுக்கொரு பிரதியில் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.