முகம் தொலையாத மிகைச்சித்திரம்

கேரிகேச்சர் எனப்படும் மிகைச்சித்திரம், ஒருவரது முகத்தின் அளவுகளைக் குலைத்த பிறகும் அவரை அவராகவே காட்டும் ஓவிய வகையாகும்; ‘சுமையேற்றுதல்’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. படம் உருவாக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளிடம் ஒரு நிழற்படத்தையும், பிராம்ப்ட் எனப்படும் எழுத்துக் கட்டளையையும் கொடுத்து இத்தகைய ஓவியத்தை இன்று எவரும் பெறலாம். ஆயினும், ‘இவரைக் கேரிகேச்சராக வரைக’ என்று மட்டும் எழுதினால், பெருத்த தலையும் சிறுத்த உடலும் பல் தெரியும் சிரிப்பும் கொண்ட, யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரு முகமே பெரும்பாலும் வந்து சேர்கிறது. அந்தச் சொல்லோடு சேர்த்துப் பயின்ற ஏராளமான படங்களில் பொதுவாக இருந்ததை மென்பொருள் எடுத்துத் தருகிறது; ஒருவரது சாயலோ, பிறரிடம் பொதுவாக இல்லாததில்தான் இருக்கிறது.

இவ்வுண்மையைக் கணினிவழி முதலில் தெளிவாக்கியவர்களுள் சூசன் பிரென்னன் குறிப்பிடத்தக்கவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1982-இல் அவர் உருவாக்கிய நிரல், ஒரு முகத்தின் கோட்டு வடிவத்தைச் சராசரி முகத்தோடு ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலான வேறுபாடுகளை மட்டும் பெருக்கியது. அவரும் கில்லியன் ரோட்ஸ், சூசன் கேரி ஆகியோரும் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், பழகிய முகங்களின் மிகைப்படுத்திய கோட்டோவியங்கள், உள்ளபடி வரைந்த கோட்டோவியங்களைவிட விரைவாக அடையாளம் காணப்பட்டன. பெரிதாக்க வேண்டியது உறுப்பை அன்று, வேறுபாட்டை என்பதே இதிலிருந்து பெறும் பாடம். சராசரியைவிடச் சிறிதாக உள்ளது இன்னும் சிறுத்தாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்கலாம். ஓவியப் பயிற்சியில் முகத்தின் உயரத்தை, முடி தொடங்கும் இடம் முதல் புருவம் வரை, புருவம் முதல் மூக்கின் அடி வரை, அங்கிருந்து தாடையின் நுனி வரை என மூன்று சம பங்குகளாகக் கொள்வது வழக்கம். ஒருவரது நிழற்படத்தை அளந்தபோது இம்மூன்றும் முறையே 26, 33, 41 விழுக்காடு என்று வருவதாகக் கொண்டால், அவரது தனித்தன்மை குறுகிய நெற்றியிலும் நீண்ட தாடையிலும் உள்ளது என்பதும், மூக்கின் பகுதியைத் தொடத் தேவையில்லை என்பதும் தெளிவாகின்றன. வேறுபாட்டை இருமடங்காக்கினால் அளவுகள் ஏறத்தாழ 19, 33, 49 ஆகின்றன. தாடை பெற்றதை ஏறத்தாழ முழுவதும் நெற்றி இழந்திருக்கிறது; முகத்தின் மொத்த உயரம் மாறவில்லை. எல்லா உறுப்புகளையும் ஒருசேரப் பெரிதாக்கினால் இந்த விகிதம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும் என்பதால், அது மிகைச்சித்திரமே ஆகாது.

படமென்பொருள்கள் விழுக்காட்டு எண்களைத் துல்லியமாகப் பின்பற்றுவதில்லை. எனவே இந்த அளவீட்டைச் சொற்களாக மாற்றியே கட்டளையை எழுத வேண்டும். மேற்கண்ட முகத்துக்கு அது பின்வருமாறு அமையலாம்:

```
இந்த நிழற்படத்தில் உள்ளவரை மிகைச்சித்திரமாக வரைக.
மூக்கின் அடியிலிருந்து தாடை நுனி வரையான பகுதி
முகத்தின் பாதி உயரம் இருக்கட்டும்; நெற்றி மிகக் குறுகட்டும்.
கண்களின் வடிவம், கண்களுக்கு இடையிலான தூரம், மூக்கு,
புருவ வளைவு, தோல் நிறம், வயது ஆகியவற்றை மாற்ற வேண்டாம்.
```

இதில் மாற்றச் சொன்னவை இரண்டே. காக்கச் சொன்னவை அதைவிடப் பல. கண்களும் மூக்கும் சேர்ந்த நடுப்பகுதி முகத்தின் நங்கூரம் போன்றது என்பதால், அதை அசையாமல் நிறுத்துவதே சாயலைக் காக்கும் உறுதியான வழி. மூக்கையே மிகைப்படுத்த வேண்டிய முகமாயின், ‘பெரிய மூக்கு’ என்று எழுதுவது போதாது. தண்டின் நடுவில் மேடு, கீழ்நோக்கி வளைந்த நுனி என அதன் வடிவத்தைச் சொல்லாவிட்டால், மென்பொருள் தன்னிடமுள்ள ஏதோ ஒரு பெரிய மூக்கைக் கொண்டுவந்து ஒட்டிவிடும்.

சில மென்பொருள்களில், கொடுத்த படத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதை 0 முதல் 1 வரையான ஓர் அளவால் குறிக்கலாம். அது மிகக் குறைந்தால் தாடை நீளாது, நிழற்படமே ஓவியச் சாயம் பூசிக்கொண்டு திரும்பும். 1-ஐ நெருங்கினால் தாடை நீளும், ஆனால் ஆள் மாறிவிடுவார். நடுவில் தொடங்கிச் சிறு சிறு படிகளாக ஏற்றிப் பார்ப்பதே ஏற்றது.

சாயல் நழுவியதா என்பதை அறிய, மிகைப்படுத்திய பகுதியைக் கையால் மறைத்துவிட்டு எஞ்சியதை நிழற்படத்தோடு ஒப்பிடலாம்: கண்ணும் புருவமும் வேறொருவருடையதாகத் தோன்றினால் தவறு தாடையில் இல்லை, காக்கத் தவறிய இடத்தில் இருக்கிறது. அவரை நன்கு அறிந்த ஒருவரிடம் பெயர் சொல்லாமல் காட்டுவது இதனினும் நம்பத்தக்க சோதனை. திருத்தம் தேவைப்படும்போது, கிடைத்த ஓவியத்தை மீண்டும் உள்ளிடாமல், திருத்திய கட்டளையோடு மூல நிழற்படத்தையே ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். ஓவியத்திலிருந்து ஓவியம் பெறும்போது முந்தைய படத்தில் நேர்ந்த சிறு விலகல்கள் அடுத்ததில் கூடிக்கொண்டே போகின்றன.