அதிகாலை ஐந்தரை மணிக்கு வரும் போன்

சென்னையிலிருந்து இரவில் புறப்படும் பாண்டியன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மதுரைக்கு வந்துவிடும். ஆனால், ஊரின் பல ஓட்டல்களில் செக்-இன் பகல் 12 மணிக்குத்தான். ஸ்டேஷனில் பெட்டியோடு நிற்கும் குடும்பம், “இப்பவே ரூம் கிடைக்குமா?” என்று ரிசப்ஷனுக்குப் போன் செய்கிறது. வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் கணக்கிடும் லாட்ஜ்களில் இந்தச் சிக்கல் இல்லை. நேரம் குறித்துவைத்த ஓட்டல்களில் இது அன்றாடம் நடப்பது.

இதற்கு இரண்டு தவறான பதில்கள் உண்டு. “12 மணிக்குத்தான் சார்” என்பது ஒன்று. விருந்தினர் அதுவரை எங்கே இருப்பார் என்ற கேள்வி அப்படியே நிற்கும். “வாங்க சார், பாத்துக்கலாம்” என்பது இன்னொன்று. இதுதான் மோசமானது. அறை கிடைத்துவிட்டதாக நம்பி வருபவர் லாபியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால், சண்டையில்தான் முடியும்.

அறை ஏன் உடனே கிடைப்பதில்லை? நேற்று வந்தவர் காலி செய்ய 11 மணி வரை நேரம் இருக்கும். அவர் போன பிறகு விரிப்பு மாற்றி, குளியலறை கழுவி முடிக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். சூப்பர்வைசர் பார்த்து ‘ரெடி’ என்று சொன்ன பிறகே சாவி கொடுக்க முடியும். ஆகவே, சாவி எப்போது தயார் என்பது ஹவுஸ்கீப்பிங்குக்குத்தான் தெரியும். அவர்களைக் கேட்காமல் ரிசப்ஷன் நேரம் சொல்லக் கூடாது.

ஓர் உரையாடலைப் பார்ப்போம். புக்கிங்கைச் சரிபார்த்ததும் ஊழியர் முதலில் கேட்க வேண்டியது: “எத்தனை பேர் வந்திருக்கீங்க சார்? பெரியவங்க, கைக்குழந்தை யாராவது இருக்காங்களா?”

“நாலு பேர். அம்மாவுக்கு எழுபது வயசு.”

“சரிங்க சார். உங்க ரூம்ல நேத்து வந்தவங்க இன்னும் இருக்காங்க. வேற ரூம் சீக்கிரம் ஆகுமான்னு கேட்டுட்டு, பத்து நிமிஷத்துல நானே கூப்பிடுறேன். இதே நம்பர்தானே?”

அடுத்த போன் ஹவுஸ்கீப்பிங்குக்கு. “அக்கா, நாலு பேர் தங்குற ரூம் எது முதல்ல ஆகும்?” “204-ல ஏழு மணிக்குக் கிளம்புறாங்க. எட்டரைக்குத் தரலாம்.” கிளம்புகிறவர்கள் கொஞ்சம் தாமதிக்கலாம் என்பதால், அனுபவமுள்ள ஊழியர் விருந்தினரிடம் எட்டரை என்று சொல்லமாட்டார்.

“சார், ஒன்பது மணிக்கு உங்களுக்கு ரூம் தர முடியும். முன்கூட்டியே வர்றதுக்கு வரியோட மொத்தம் இவ்வளவு ஆகும். அது வேண்டாம்னா வழக்கம்போல 12 மணிக்கு, கூடுதல் எதுவும் இல்லை. எப்படியிருந்தாலும் இப்பவே வாங்க. பெட்டிக்கு டோக்கன் போட்டு வச்சுக்குறோம். நகை, பணம், மருந்து மட்டும் உங்க கையில இருக்கட்டும். முகம் கழுவ கீழே பாத்ரூம் இருக்கு. அம்மா உட்கார இடம் இருக்கு, ஆறரைக்கு காபி, டிபன் ஆரம்பிச்சிடும்.”

கட்டணத்தைப் போனிலேயே சொல்லிவிடுவது இங்கே மிக முக்கியம். எவ்வளவு என்பது ஓட்டலுக்கு ஓட்டல் மாறும். சில இடங்களில் அரை நாள் வாடகை, அறை காலியாக இருந்தால் சில இடங்களில் எதுவுமே இல்லை. விருந்தினருக்குத் தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருக்கும்போது சொன்னால் அது விலை. பில்லில் முதல் முறையாகப் பார்த்தால், ஏமாற்றப்பட்டதாகவே அவருக்குத் தோன்றும்.

ஊரை அறிந்த ஊழியர் இன்னொன்றும் சொல்வார்: “மீனாட்சி அம்மன் கோயில் மத்தியானம் நடை சாத்தினா சாயங்காலம்தான் திறப்பாங்க. காலையிலேயே தரிசனம் முடிச்சிருங்க சார். உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது.” 12 மணிக்குச் சாவி வாங்கிக் குளித்துக் கிளம்பினால் நடை சாத்தியிருக்கும். காத்திருக்கும் நேரமே தரிசன நேரமாகிவிட்டால், அறை தாமதமாவது பெரிதாகத் தெரியாது.

குடும்பம் வந்து சேர்ந்ததும் அடையாள அட்டை நகல், பதிவேட்டுக் கையெழுத்து இரண்டையும் முடித்துவிடலாம். பிறகு சாவி கொடுப்பது மட்டுமே பாக்கி. இரவுப் பணியாளர் வீட்டுக்குப் போகும் முன், “204, ஒன்பது மணி, கட்டணம் சொல்லியாச்சு, வயதானவர் உண்டு” என்று லாக் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதாவிட்டால் காலை ஷிப்டில் வருபவர் மறுபடியும் “12 மணிக்குத்தான்” என்பார். அதுவரை பேசியதெல்லாம் வீண். எட்டே முக்காலுக்கு அறை இன்னும் ஆகவில்லையென்றால், விருந்தினர் வந்து கேட்கும் முன் ஊழியரே போய்ப் புதிய நேரத்தைச் சொல்லிவிட வேண்டும்.

விடியற்காலை ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முந்தைய நாளே ஓட்டலுக்குப் போன் செய்து, வந்து சேரும் நேரத்தைச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குச் சாவி, அதற்கு எவ்வளவு, அதுவரை பெட்டி எங்கே என்று மூன்றையும் கேளுங்கள். விடிந்ததும் அறை கட்டாயம் வேண்டுமென்றால், முந்தைய இரவையும் சேர்த்துப் புக் செய்வது ஒன்றே உறுதியான வழி.