இன்ஸ்தாகிராம் பக்கத்தில் எது முன்னால் நிற்கிறது? பின் பதிவும் ஹைலைட்டும்

மாணவர்களுக்காக இன்ஸ்தாகிராம் பக்கம் நடத்தும் தமிழாசிரியர்கள் இப்போது நிறைய பேர். அந்தப் பக்கத்தில் மாணவர் கண்ணில் முதலில் படுபவை இரண்டு. மேலே வட்ட வட்டமாக இருக்கும் ஹைலைட்டுகள், அதற்குக் கீழே முதல் வரிசையில் பின் செய்யப்பட்ட பதிவுகள்.

இந்த இரண்டுமே பழையதைப் புதியது போலக் காட்டக்கூடியவை. 2021ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்விலிருந்து கே.எஸ்.எஸ்.எம். பாடத்திட்டப்படி தாள் அமைப்பு மாறியது. அதற்கு முன்பு போட்ட ஒரு மாதிரித் தாளைப் பின் செய்துவிட்டு மறந்துவிட்டால், அது இன்றும் முதலிடத்தில்தான் நிற்கும். படிவம் 5 மாணவர் அதை நம்பிப் பயிற்சி செய்வார். அதனால் இவை எப்படி வரிசையாகின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

பின் பதிவு

ஒரு பக்கத்தில் மூன்று பதிவுகள் வரை பின் செய்யலாம். பதிவைத் திறந்து, மேலே உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும் பட்டியலில் Pin என்று தொடங்கும் வரியைத் தெரிவு செய்யவேண்டும். பதிவின் மூலையில் சிறிய குத்தூசிப் படம் வந்துவிடும்.

கடைசியாகப் பின் செய்ததுதான் இடது ஓரத்தில் முதலாவதாக நிற்கும். ஆகவே வரிசையை மாற்ற நினைத்தால் மூன்றையும் Unpin செய்துவிட்டு, தலைகீழாகப் பின் செய்யவேண்டும். எடுத்துக்காட்டாக, ‘தாள் அமைப்பு’, ‘கட்டுரை’, ‘கருத்துணர்தல்’ என்ற வரிசை வேண்டுமென்றால், முதலில் ‘கருத்துணர்தல்’, அடுத்து ‘கட்டுரை’, கடைசியில் ‘தாள் அமைப்பு’. அவ்ளோதான்.

பின்னை எடுத்தால் பதிவு அழிந்துவிடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். அழியாது. விருப்பங்களும் கருத்துகளும் அப்படியே இருக்கும். பதிவு போடப்பட்ட தேதிக்குரிய இடத்துக்குத் திரும்பிப் போய்விடும்.

ஹைலைட்

ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். ஆனால் ஆர்க்கைவ் வசதி திறந்திருந்தால் அதன் பிரதி நமக்கு மட்டும் தெரியும்படி சேமிக்கப்படும். அங்கிருந்து எடுத்துத் தொகுப்பதுதான் ஹைலைட். ஒன்றில் 100 ஸ்டோரிகள் வரை வைக்கலாம்.

கடைசியாக எதில் ஸ்டோரி சேர்த்தோமோ அந்த வட்டம் முன்னால் வரும். ‘இலக்கணம்’ நான்காவதாக இருக்கிறது, முதலில் கொண்டுவரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வட்டத்தை அழுத்திப் பிடித்து, Edit highlight போய், ஆர்க்கைவில் உள்ள ஏதாவது ஒரு பழைய ஸ்டோரியைச் சேர்த்து Done கொடுத்தால் முன்னுக்கு வந்துவிடும். பிறகு அந்த ஸ்டோரியை ஹைலைட்டிலிருந்து எடுத்துவிடலாம். பல வட்டங்களை மாற்றவேண்டுமென்றால் இங்கேயும் தலைகீழ் வழிதான்: கடைசியில் நிற்கவேண்டியதை முதலில் தொடவேண்டும்.

ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஹைலைட்டிலிருந்து எடுப்பது வேறு, ஆர்க்கைவில் அழிப்பது வேறு. ஆர்க்கைவில் அழித்தால் அந்த ஸ்டோரி ஹைலைட்டிலிருந்தும் போய்விடும்.

உள்ளே இருக்கும் வரிசை

சிக்கல் வருவது இங்கேதான். ஹைலைட்டுக்குள் ஸ்டோரிகள், அவை முதலில் வெளியான நேரப்படி ஓடும். ‘வலிமிகும் இடங்கள்’ என்று எட்டு ஸ்டோரி போட்டுவிட்டோம், மூன்றாவது விதியில் ஒரு எடுத்துக்காட்டு விட்டுப்போச்சு. இன்று அதைப் போட்டால் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் நடுவில் போய் உட்காராது, ஒன்பதாவதாகத்தான் வரும். எட்டாவது விதியைப் படித்து முடித்த மாணவருக்கு அந்த எடுத்துக்காட்டு எதற்குரியது என்று புரியாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு ஸ்டோரியிலும் ‘விதி 3’ என்று எண் போட்டுவிட்டால், பின்னால் சேர்ப்பதையும் ‘விதி 3, கூடுதல் எடுத்துக்காட்டு’ என்று காட்டலாம். அல்லது படிப்படியாகப் போகவேண்டிய பாடத்தைப் பல படங்கள் கொண்ட ஒரே பதிவாகப் போட்டுப் பின் செய்யலாம். அதில் படங்களின் வரிசையைப் போடும்போதே நாம் தீர்மானிக்கிறோம். வரிசை முக்கியமில்லாத மொழியணி, தினம் ஒரு சொல் போன்றவற்றுக்கு ஹைலைட் பொருத்தமானது.

மாணவர்களுக்கு

முதலில் நிற்கிறது என்பதற்காக ஒன்று புதியதாகிவிடாது. பின் பதிவைத் திறந்து கீழே உள்ள தேதியைப் பாருங்கள். ஹைலைட்டில் ஸ்டோரியின் மேலே எத்தனை வாரம் பழையது என்று தெரியும். தாள் அமைப்பு, புள்ளி ஒதுக்கீடு பற்றியதாக இருந்தால் 2021க்கு முந்தியதை ஒதுக்கிவிட்டு உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியர்கள் ஒவ்வோர் ஆண்டும் பள்ளி தொடங்கும் வாரத்தில் மூன்று பின்களையும் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். பழையதை எடுத்துவிட ஒரு நிமிடம்கூட ஆகாது.