கல்விக் கடனை முந்தி அடைப்பதா, கைமுதல் சேர்ப்பதா?

நம் அங்கத்தினர் இல்லங்களில் படித்து முடித்த பிள்ளைகள் பெருகி வருகின்றனர். 1929-இல் தோன்றிய சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நம் பகுதியினருக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளது. பட்டம் கைக்கு வந்து, உத்தியோகமும் அமைந்தபின், ஒரு வினா எழுகிறது. மாதந்தோறும் மிஞ்சும் பணத்தைக் கல்விக் கடனில் கட்டி விரைவில் விடுபடுவதா, அன்றிச் சேமித்து வைப்பதா? இதனை ஒரு கணக்கின் வாயிலாக ஆராய்வோம்.

குறிஞ்சிப்பாடியில் ஒரு நெசவாளர் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மகன் நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம் வீதம் 4 லட்சம் ரூபாய் கடன் பெற்றான். வட்டி நூற்றுக்குப் பத்து. படிக்கும் காலத்திலும், அதன்பின் ஓராண்டுச் சலுகைக் காலத்திலும் தவணை இல்லை. ஆயினும் வட்டி ஓய்வதில்லை. முதலாண்டுக் கடனுக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. ஆக 1,40,000 ரூபாய் அசலோடு சேர்ந்து, தவணை தொடங்கும் நாளில் கடன் 5,40,000 ஆகிவிடுகிறது. வேலை முன்னரே கிடைத்தால், சலுகைக் காலத்திலேயே இவ்வட்டியைக் கட்டுவது நலம். கட்டிய அளவுக்கு வட்டிக்கு வட்டி ஏறாது.

பத்தாண்டுக்கு மாதத் தவணை 7,136 ரூபாய். கடலூர்த் தொழிற்சாலை ஒன்றில் 22,000 ரூபாய் சம்பளம் பெறும் அப்பிள்ளைக்கு, வீட்டுச் செலவும் தவணையும் போக 3,000 மிஞ்சுகிறது. முதல் மாதம் முதலே அதனையும் கடனில் செலுத்தினால், பத்தாண்டுக் கடன் ஆறாண்டுக்குள் தீரும்; வட்டியில் சுமார் 1,39,000 ரூபாய் மிச்சம். வைப்புத் தொகைக்கு நூற்றுக்கு ஆறு வட்டி என்று கொண்டால், பத்து வட்டிக் கடனை அடைப்பதே ஆதாயம் என்பதில் ஐயமில்லை.

ஆனால் நெசவாளர் இல்லத்தில் கணக்கு இத்துடன் முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் குழித்தறியில் நீர் ஊறும், கஞ்சியிட்ட பாவு உலராது, தறி நிற்கும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயலும், 2015-இல் பெருவெள்ளமும் கடலூர் மாவட்டத்தை எவ்வாறு வாட்டின என்பதை நாம் மறக்கவில்லை. அத்தகைய மாதங்களில் மகனின் சம்பளமே அடுப்பெரிக்க வேண்டும். கடனில் முந்திக் கட்டிய பணத்தை வங்கியிடம் திரும்பக் கேட்க இயலாது. முந்திக் கட்டினோமே, அடுத்த தவணை தள்ளிப்போகும் என்று எண்ணியிருப்பதும் ஆபத்து. தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் கடன் வாராக்கடன் வரிசையில் சேரும். பெரும்பாலும் தகப்பனாரும் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட்டிருப்பார். ஆகவே அவர் பெயரும் கெடும். நூலுக்கும் தறிக்கும் அவர் கேட்கும் அடுத்த கடன் அங்கே தடைப்படும்.

ஆதலின் நாம் கூறும் வழி இது. முதல் ஓராண்டு அந்த 3,000 ரூபாயைத் தொடர் வைப்பில் போடுக. ஆண்டு முடிவில் 36,000 ரூபாயும் அதன் வட்டியும் சேரும். இஃது ஐந்து தவணைக்கு ஈடு. அதன்பின் மிஞ்சுவது முழுவதையும் கடனில் கட்டுக. அவ்வாறு செய்தால் கடன் ஆறாண்டு ஐந்து மாதத்தில் தீரும். முதல் வழியைவிட வட்டி சுமார் 27,000 ரூபாய் கூடும். கைமுதலுக்கு வரும் வட்டியைக் கழித்தால் நிகர இழப்பு 13,000 ரூபாய் அளவே. ஆறாண்டுக்கும் மேலாகத் தவணை தவறாதிருக்கத் தரும் விலை என்று இதனைக் கொள்ளலாம். வீட்டார் அனைவரும் மாதச் சம்பளக்காரராயின் மூன்று தவணைக் கைமுதலே போதும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கைக்கடன் இருப்பின், அஃது ஆண்டுக்கு இருபத்து நான்கு ஆகிறது. இரண்டு தவணையளவு பணம் கையில் சேர்ந்தவுடன் அதனையே முதலில் தீர்த்திடுக. கல்விக் கடன் தன் தவணையில் நடக்கட்டும்.

முந்திக் கட்டுவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் பெற்ற கடனை முந்தி அடைப்பதற்கு அபராதம் விதிக்கலாகாது என்பது 2014 முதல் ரிசர்வ் வங்கியின் விதி. கூடுதல் தொகையை அசலில் வரவு வைத்து, தவணைத் தொகையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்குமாறு வங்கிக்கு எழுத்தில் விண்ணப்பம் தருக. அடுத்த மாதமே கணக்குப் பட்டியல் வாங்கிப் பாருங்கள். அசல் நீங்கள் கட்டிய அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையெனில் அன்றே வங்கி மேலாளரிடம் கேட்டுத் திருத்திக்கொள்க.