உடனடிப் படிவமா, லேண்டிங் பேஜா?

ஃபேஸ்புக்கில் வரும் ஒரு விளம்பரத்தைத் தட்டினால் இரண்டில் ஒன்று நடக்கும். ஃபேஸ்புக்குக்குள்ளேயே ஒரு சிறு படிவம் திறக்கும். அல்லது விற்பனையாளரின் இணையப் பக்கம் திறந்து, அங்கே படிவம் இருக்கும். முன்னது உடனடிப் படிவம். 2015 முதல் ஃபேஸ்புக்கில் இருக்கிறது. பின்னது லேண்டிங் பேஜ் படிவம். விவரம் கொடுத்து விசாரிப்பவரை விற்பனைத் துறையினர் ‘லீட்’ என்கிறார்கள்.

உடனடிப் படிவத்தில் லீட்கள் பொதுவாக அதிகம் கிடைக்கும். பெயரும் தொலைபேசி எண்ணும் கணக்கிலிருந்து தாமாகவே நிரம்பிவிடுவதால், இரண்டு மூன்று தட்டுகளில் வேலை முடிந்துவிடுகிறது. குறையும் அங்கேதான். எதற்கு விண்ணப்பித்தோம் என்பதே சிலருக்கு நினைவிருக்காது. பழைய எண்ணோ மின்னஞ்சலோ வந்து சேரும். லேண்டிங் பேஜில் பக்கம் திறக்கும் வரை காத்திருந்து, விலையைப் படித்து, எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். பலர் நடுவிலேயே விலகுவார்கள். மிஞ்சுபவர்களுக்கு ஓரளவு அக்கறை இருக்கும்.

ஆகவே ஒரு லீட்டுக்கு ஆன செலவை மட்டும் பார்ப்பது போதாது. கோவையில் அடுக்குமாடி வீடு விற்கும் ஒரு நிறுவனம் இரண்டு வழிகளிலும் தலா ரூ.50,000 செலவிடுவதாகக் கொள்வோம். போனை எடுத்துப் பேசி, விலை கட்டுப்படியாகும், ஆறு மாதத்துக்குள் வாங்கும் எண்ணம் உண்டு என்று சொல்பவரே தகுதியான லீட். உடனடிப் படிவத்தில் 400 லீட்கள் வருகின்றன; ஒன்றுக்கு ரூ.125. லேண்டிங் பேஜில் 125 மட்டுமே; ஒன்றுக்கு ரூ.400. ஆனால் தகுதியானவர்கள் முதல் வழியில் 20 பேர், இரண்டாவதில் 25 பேர். தகுதியான லீட் ஒன்றுக்கு முறையே ரூ.2,500, ரூ.2,000 ஆகிறது. ஒவ்வொரு லீட்டையும் அழைத்துப் பேச ஊழியர் செலவு ரூ.20 என்று சேர்த்தால் அது ரூ.2,900, ரூ.2,100 என்று மாறி, இடைவெளி இன்னும் விரிகிறது.

இந்த இடைவெளியைக் குறைக்க வழியுண்டு. படிவ அமைப்பில் Higher intent என்பதைத் தேர்ந்தால், அனுப்புமுன் விவரங்களைச் சரிபார்க்கும் ஒரு படி கூடும். எப்போது வாங்க உத்தேசம் என்ற கேள்வியையும் சேர்க்கலாம். லீட் எண்ணிக்கை குறையும்; தகுதியானவர்களின் விகிதம் உயர வாய்ப்புண்டு. மாறாக, லேண்டிங் பேஜ் செல்போனில் மெதுவாகத் திறந்தால் அக்கறையுள்ளவர்களும் போய்விடுவார்கள். விளம்பரத்தைத் தட்டியவர்களைவிடப் பக்கத்துக்கு வந்து சேர்ந்தவர்கள் மிகக் குறைவாக இருப்பது அதன் அடையாளம்.

ஒப்பீடு நேர்மையாக அமைய, தகுதி என்ன என்பதை முன்பே எழுதி வைத்து, இரு வகை லீட்களையும் ஒரே ஊழியர்கள் ஒரே வேகத்தில் அழைக்க வேண்டும். மறுநாள் அழைக்கப்பட்ட லீட் ஆர்வம் குறைந்திருந்தால் அது படிவத்தின் குற்றமாகாது. மேலும், 20க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் தற்செயலாகவும் நேரலாம். நூறு தகுதியான லீட்களாவது சேர்ந்த பிறகு முடிவெடுப்பது நல்லது.