சொல்லை விட்டுப் பொருளைப் பிடிப்பது

யூனிலீவர் நிறுவனம் தன் சலவைத்தூளை விற்கப் பல நாடுகளில் முன்வைத்த கருத்து ஒன்றுதான்: 'டர்ட் ஈஸ் குட்'. பிள்ளை மண்ணில் புரண்டு விளையாடட்டும், துணியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பது அதன் உட்பொருள். இதை அகராதி பார்த்து எழுதினால் 'அழுக்கு நல்லது' என்று வரும். அழுக்கு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது குளிக்காத உடம்பும் துவைக்காத துணியும். அதை நல்லது என்று சொன்னால் எந்த அம்மாவும் முகம் சுளிப்பார். சர்ஃப் எக்செல் விளம்பரத்தில் நாம் கேட்டுப் பழகியதோ 'கறை நல்லது'. அழுக்கு தானாகச் சேரும், கறை அப்படியல்ல. யாரோ எதையோ செய்யப் போய்த்தான் கறை படியும். அந்த வரிசையில் வந்த பழைய விளம்பரம் ஒன்றில், தங்கை சேற்றில் விழுந்ததும் அந்தச் சேற்றோடு சண்டைக்குப் போகிறான் அண்ணன். அவன் சட்டையில் படிந்தது பாசத்தின் அடையாளம். அதனால்தான் 'நல்லது' என்ற சொல் அங்கே பொருந்துகிறது.

விளம்பர ஏஜென்சிகளில் இந்த வேலைக்கு அடாப்டேஷன் என்று பெயர். மூல விளம்பரம் ஆங்கிலத்திலோ இந்தியிலோ உருவாகி வரும். அதைத் தமிழ் காப்பிரைட்டர் எப்படி மாற்றுகிறார் என்பதை ஒரு மின்விசிறி விளம்பரத்தை வைத்துப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாமே அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு.

ஆங்கிலத் தலைப்பு இப்படி இருக்கிறது: 'ஸோ கொயட், யூ கேன் ஹியர் யுவர்செல்ஃப் திங்க்'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'நீங்கள் சிந்திப்பதை நீங்களே கேட்கும் அளவுக்கு அமைதியானது'. இலக்கணப் பிழை ஏதும் இல்லை. ஆனால் சிந்திப்பதைக் காதால் கேட்பது என்பது ஆங்கிலத்தில் புழங்கும் மரபுத்தொடர். இரைச்சலில் சிக்கியவர் 'என்னால் யோசிக்கவே முடியவில்லை' என்று அலுத்துக்கொள்வதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். தமிழில் அந்த மரபு இல்லாததால் வாசகர் ஒரு கணம் நின்று, என்ன சொல்கிறார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பக்கத்தைப் புரட்டிக்கொண்டே பார்ப்பவர் அந்தக் கணத்தில் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

எனவே எழுதுபவர் முதலில் ஆங்கில வரியை ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்கிறார். இந்த விளம்பரம் என்ன வாக்குறுதி தருகிறது? அந்த வாக்குறுதிக்கு எது சுவை கூட்டுகிறது? முதல் கேள்விக்கு விடை, ஃபேன் சத்தம் தொந்தரவு செய்யாது என்பது. இரண்டாவதற்கு விடை, கொஞ்சம் மிகைப்படுத்தல். இந்த இரண்டும் தமிழுக்கு வந்து சேர வேண்டும். சிந்தனையும் காதும் வரத் தேவையில்லை.

அடுத்தது, நம் வீடுகளில் ஃபேன் சத்தத்தைப் பற்றி எப்படிப் பேசுகிறோம் என்று காது கொடுப்பது. 'ராத்திரியெல்லாம் கடகடன்னு ஒரே சத்தம்', 'சத்தம்தான் வருது, காத்தைக் காணோம்' என்பவை எல்லா ஊரிலும் கேட்கும் பேச்சு. இரண்டாவது வரியில் ஒரு பிடி கிடைக்கிறது. அந்தக் குறையைத் தலைகீழாக்கினால் 'காத்து வரும், சத்தம் வராது' என்று வருகிறது. நான்கே சொற்கள். வரும், வராது என்ற எதிர்நிலை ஓசையைத் தானே கட்டிவிடுகிறது. அச்சு விளம்பரம் என்றாலும் 'காற்று' என்று எழுதாமல் 'காத்து' என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. இது வீட்டில் ஒருவர் சொல்லும் வாக்கியம். எழுத்துத்தமிழில் போட்டால் அறிவிப்புப் பலகை போலாகிவிடும்.

இங்கேயே நின்றுவிடலாம் என்று தோன்றும். ஆனால் இந்த வரியில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில வரி வெளிப்படையான மிகை. யாரும் அதை அளந்து பார்க்க மாட்டார்கள். 'சத்தம் வராது' என்பதோ நேரடி உறுதிமொழி. எந்த ஃபேனிலும் ஓரளவு சத்தம் இருக்கும். இந்திய விளம்பரத் தர மன்றத்தின் விதிகள் எவரும் மிகை என்று உணரக்கூடிய மிகையை அனுமதிக்கின்றன. வாங்குபவரைத் தவறான நம்பிக்கைக்குக் கொண்டுபோகும் கூற்றை அனுமதிப்பதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதம் விதிக்க இடம் தருகிறது. மூலத்தில் இல்லாத வாக்குறுதியைத் தமிழ் வரி தந்துவிட்டால், எவ்வளவு ஓசை நயம் இருந்தாலும் அது தவறான அடாப்டேஷன்.

ஆகவே வாக்குறுதியை நேராகச் சொல்லாமல், ஃபேன் ஓடும் வீட்டில் என்ன நடக்கும் என்று காட்டலாம். உள்ளே வரும் கணவர் கேட்கிறார்: 'ஃபேன் போட்டிருக்கியா?' மனைவி சொல்கிறார்: 'காத்து வருதே, தெரியலையா?' சத்தம் என்ற சொல்லே இதில் இல்லை. ஓடுகிறதா என்று கேட்க வேண்டிய அளவுக்கு அமைதி என்பதை வாசகரே கண்டுபிடித்துக்கொள்கிறார். ஆங்கிலத்தில் இருந்த மிகையும் அதே அளவில் வந்துவிட்டது. இரு வரிகளுக்கும் பொதுவான சொல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன.

தொலைக்காட்சி என்றால் இன்னொரு கட்டு சேர்கிறது. 30 விநாடி விளம்பரத்தில் ஆங்கிலக் குரல் ஏறக்குறைய 65 சொற்களைப் பேசிவிடும். தமிழில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொரு சொல்லும் நீளம். அதனால் சொற்களை எண்ணிப் பயனில்லை. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாய்விட்டுப் படித்துத்தான் அளக்க வேண்டும். மீறினால் தகவலை வெட்ட வேண்டுமே தவிர வேகமாகப் பேசவைக்கக் கூடாது. நடிகரின் முகம் அண்மையில் தெரியும் காட்சி என்றால் உதடுகள் ஒட்டும் இடங்களில் பகரமோ மகரமோ வரும் சொல்லைத் தேடிப் போட வேண்டும். மற்ற ஓசைகள் சற்று விலகினாலும் பார்ப்பவருக்குத் தெரியாது. உதடு மூடும்போது வாய் திறக்கும் ஓசை கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

மாற்றவே கூடாத பகுதியும் உண்டு. மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் சந்தை அபாயம் பற்றி வரும் எச்சரிக்கை, உத்தரவாத நிபந்தனை, விலை, அளவு போன்றவற்றில் சுவைக்கு இடமில்லை. அங்கே சொல்லுக்குச் சொல் நேர்மையாக இருப்பதே சரி. ஒரே விளம்பரத்தில் தலைப்பைச் சுதந்திரமாகவும் அடிக்குறிப்பைக் கண்டிப்பாகவும் எழுதுவது இந்தத் தொழிலில் அன்றாட வேலை.

தமிழ் வரி பெரும்பாலும் தடுக்கி விழுவது ஒப்புதல் கட்டத்தில்தான். மும்பையிலோ டெல்லியிலோ இருக்கும் கிளையன்ட்டுக்குத் தமிழ் தெரியாது. அவருக்காகத் தமிழ் வரியைத் திரும்பவும் ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புவார்கள். 'காற்று வருகிறதே' என்ற பொருளில் ஒரு ஆங்கில வரியைப் படித்தவர், 'எங்கள் தலைப்பு எங்கே? கொயட் என்ற சொல்லையே காணோமே' என்று கேட்பது இயல்பு. அவருக்குப் பணிந்து 'அமைதி'யைச் செருகினால் உரையாடல் உடைந்துவிடும். அதனால் அந்தப் பெயர்ப்போடு மூன்று வரிக் குறிப்பும் போக வேண்டும்: யார் யாரிடம் பேசுகிறார்கள், கேட்பவர் என்ன புரிந்துகொள்வார், மூலத்தின் எந்த வாக்குறுதி இதில் இருக்கிறது.

அதற்கு முன் எழுதியவர் செய்துகொள்ள வேண்டிய சோதனை ஒன்று. ஆங்கில விளம்பரத்தைப் பார்த்திராத ஒருவரிடம் தமிழ் வரியை ஒருமுறை மட்டும் படித்துக்காட்டி, 'இவர்கள் என்ன விற்கிறார்கள், ஏன் வாங்கச் சொல்கிறார்கள்?' என்று கேட்க வேண்டும். 'சத்தம் போடாத ஃபேனாம்' என்று அவர் சொல்லிவிட்டால் வரி பிழைத்தது. 'இன்னொரு தடவை படிங்க' என்று கேட்டால், எங்கோ ஆங்கிலம் ஒளிந்திருக்கிறது. திரும்ப எழுத வேண்டும்.