இன்று முதல் இணையதளம் உங்கள் பொறுப்பில்

ஈரோட்டில் ஒரு புடவைக் கடை. ஆன்லைனில் விற்க இணையதளம் வேண்டும் என்று கேட்டார்கள்; மூன்று பேர் கொண்ட சிறு நிறுவனம் ஒன்று நான்கு மாதத்தில் செய்து முடித்தது என்று வைத்துக்கொள்வோம். கடைசி நாளன்று பெரும்பாலும் இப்படித்தான் ஒரு மின்னஞ்சல் போகும்: “சார், எல்லாம் முடிந்தது. லிங்க் அனுப்பியிருக்கிறோம். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.”

படிக்க மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் எது முடிந்தது, யார் பார்க்க வேண்டும், எதற்குள் சொல்ல வேண்டும் என்று ஒன்றும் அதில் இல்லை. ஆடி மாதத் தள்ளுபடி நேரத்தில் கடையிலிருந்து போன் வரும்: “கேஷ் ஆன் டெலிவரி வரலையே, அதையும் போட்டுக் கொடுங்க.” அது விட்டுப்போன வேலையா, புது வேலையா? இரண்டு தரப்பும் தாங்கள் சொல்வதே நியாயம் என்று உண்மையாகவே நம்புவார்கள். அந்த மனஸ்தாபத்தில் கடைசித் தவணைப் பணம் நின்றுபோகும்.

ஒப்படைக்கும் மின்னஞ்சலின் முதல் வேலை, ஒரு தேதியை நிலைநாட்டுவது. சரிபார்க்கும் காலம், பணம் தர வேண்டிய கெடு, இலவசப் பராமரிப்பு மூன்றையும் அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும். அதனால் தலைப்பிலேயே அதை எழுதிவிடலாம்: “இணையதளம் ஒப்படைப்பு, ஜூன் 3. ஜூன் 18-க்குள் உங்கள் ஒப்புதல் தேவை.” கடைக்காரர் மின்னஞ்சலைத் திறக்காவிட்டாலும் தம்மிடம் என்ன கேட்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, கொடுத்தவற்றின் பட்டியல். “இணையதளம்” என்ற ஒரே சொல்லோடு அதை முடித்துவிடக் கூடாது. ஒவ்வொரு பொருளும் எங்கே இருக்கிறது, யார் பெயரில் இருக்கிறது, கடைக்காரர் அதைத் தாமே எப்படிச் சோதிக்கலாம் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். நம் கடைக்கு இரண்டு பத்திகள் இப்படி அமையும்:

> டொமைன் பெயர் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சல் முகவரியில் பதிவாகியிருக்கிறது. உங்கள் கணக்கில் நுழைந்து, உரிமையாளர் விவரத்தில் எங்கள் முகவரி எங்கும் இல்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் அறிவிப்பு இனி உங்களுக்கே வரும்.
>
> பணம் செலுத்தும் வசதி உங்கள் கணக்கோடு இணைந்து, உண்மையான பணம் வாங்கும் நிலையில் இருக்கிறது. நேற்று 1 ரூபாய்க்கு ஒரு ஆர்டர் போட்டோம். அது உங்கள் வங்கிக் கணக்கில் வந்ததா என்று இரண்டு மூன்று வேலை நாள் கழித்துப் பாருங்கள்.

முதல் பத்தியை எழுதாமல் விட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் வினை தெரியும். டொமைன் செய்தவர் பெயரிலேயே இருக்கும், புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு அவருடைய பழைய முகவரிக்குப் போகும், ஒரு நாள் காலையில் கடையின் இணையதளம் திறக்காது. இரண்டாவது பத்தி இன்னொரு பழைய கோளாறைப் பிடிக்கிறது. பணம் வாங்கும் சேவைகளில் சோதனை நிலை, நேரடி நிலை என்று இரண்டு உண்டு. சோதனைச் சாவியை மாற்ற மறந்துவிட்டால் ஆர்டர் விழும், ‘பணம் செலுத்தப்பட்டது’ என்று திரையில் வரும், கடைக்கு ஒரு காசுகூட வராது. அந்த 1 ரூபாயின் அருமை அப்போது புரியும்.

கடவுச்சொற்களை மின்னஞ்சலில் எழுதவே வேண்டாம். கடைக்காரரின் முகவரிக்கு அழைப்பு அனுப்பி, அவரே கடவுச்சொல்லை வைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டு, அதை மட்டும் மின்னஞ்சலில் குறிப்பிட்டால் போதும். கொடுக்காதவற்றையும் அதே பட்டியலில் எழுதுவது நல்லது: “200 புடவைகளில் 140 ஏற்றியாயிற்று. மீதி 60-க்குப் படங்கள் உங்களிடமிருந்து வர வேண்டும். கேஷ் ஆன் டெலிவரி இந்த வேலையில் சேரவில்லை.” பின்னால் வரக்கூடிய சண்டையில் பாதியை இந்த மூன்று வாக்கியங்களே தடுத்துவிடும்.

இனி ஒப்புதல். “பதில் வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதுவோம்” என்று பலர் எழுதுகிறார்கள். முதலில் போட்ட ஒப்பந்தத்தில் அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் அதை நினைவூட்டலாம். இல்லையென்றால், எதிராளி பேசாமல் இருப்பதையே சம்மதம் என்று ஒரு மின்னஞ்சலால் ஆக்கிவிட முடியாது. ஆனால் உத்யம் பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்கு 2006-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று துணை நிற்கிறது. சேவை கொடுத்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை என்றால், கொடுத்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாக அச்சட்டம் கொள்கிறது. பணம் தருவதற்கு எழுத்து ஒப்பந்தத்தில் எவ்வளவு அவகாசம் போட்டிருந்தாலும், ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வட்டி உண்டு. கொடுத்த நாள் எது என்பதற்கு ஆதாரம் வேண்டுமே! அந்த ஆதாரமாக நிற்கப்போவது ஜூன் 3 மின்னஞ்சல்தான்.

ஒப்புதலை யார் தர வேண்டும் என்பதையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கணக்குப்பிள்ளை “சூப்பர் சார்” என்று அனுப்புவது ஒப்புதல் ஆகாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் சொல்ல வேண்டும். அவருக்கு வேலை மிச்சமாகும்படி பதிலையே எழுதிக் கொடுத்துவிடலாம்: “மேலே உள்ளவற்றைச் சரிபார்த்தேன், ஏற்றுக்கொள்கிறேன்” என்று பதில் போடுங்கள், குறை இருந்தால் எந்தப் பக்கம், என்ன செய்தபோது, என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

“இனி எல்லா உரிமையும் உங்களுக்கே” என்ற வாக்கியத்தைப் போகிற போக்கில் எழுதிவிடுவது தவறு. வெளி ஆளிடம் எழுதி வாங்கிய நிரலின் முதல் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, பொதுவாக எழுதியவரிடமே இருக்கிறது. அதை மாற்றிக் கொடுக்க 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கையெழுத்திட்ட எழுத்தைக் கேட்கிறது. அதில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுக்கு மட்டும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்கு மட்டும் என்று அது கொள்ளப்படும். ஆகவே இரண்டையும் தெளிவாக எழுதிய உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திட்டு இணைப்பில் வைத்து, மின்னஞ்சலில் அதைச் சுட்டிக்காட்டினால் போதும்.

பராமரிப்பு விஷயத்தில் “60 நாள் இலவச சப்போர்ட்” என்று எழுதுவதில் ஓட்டை இருக்கிறது. எந்த நாளிலிருந்து 60? “ஆகஸ்ட் 2 மாலை 6 மணி வரை” என்று நாளையும் நேரத்தையும் எழுதினால் யாரும் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. பிழை எது, புது வேலை எது என்பதற்கு விளக்கம் தேடுவதைவிட உதாரணம் காட்டுவது மேல்: கூடையில் போட்ட புடவை காணாமல் போனால் பிழை, இலவசம், ஆங்கிலப் பக்கம் வேண்டுமென்றால் புது வேலை, தனிக் கட்டணம், பணம் வாங்கும் சேவையே முடங்கினால் எங்களால் சரிசெய்ய முடியாது, ஆனால் அவர்களிடம் புகார் எழுதித் தருவோம். “ஒரு வேலை நாளுக்குள் பதில் சொல்வோம்” என்று வாக்குக் கொடுக்கலாம். அத்தனை பிழையையும் ஒரே நாளில் சரிசெய்வதாகச் சொல்ல வேண்டாம். சில பிழைகளைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகும்.

இவ்வளவு எழுதி அனுப்பியும் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வரலாம்: “எல்லாம் ஓகே, லோகோ மட்டும் கொஞ்சம் பெரிசா வேணும்.” இது ஒப்புதலா, ஆட்சேபமா என்று தெளிவில்லை. உடனே லோகோவைப் பெரிதாக்கிவிட்டு, அன்றே மின்னஞ்சலில் அந்த வரியை அப்படியே எடுத்து எழுதி, மாற்றிய படத்தையும் வைத்து, “நீங்கள் சொன்ன ஒரே மாற்றம் இது, செய்துவிட்டோம், இதோடு ஏற்றுக்கொள்கிறீர்களா?” என்று கேட்க வேண்டும். கையெழுத்திட்டவரிடமிருந்து “ஆமாம்” என்று பதில் வந்த பிறகுதான் நிர்வாகக் கணக்கிலிருந்து உங்கள் பெயரை நீக்கிவிட்டு வெளியே வரலாம்.